மேல்படியில் எந்தக் கால் இருக்க வேண்டும்?

கால் முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு மருத்துவமனையில் முதலில் சமதள நடையைத்தான் பழக்குகிறார்கள். அதில் எந்தக் காலை முதலில் வைத்தாலும் உடலின் எடை ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் நகர்கிறது. படிக்கட்டில் அப்படியில்லை. ஒவ்வொரு படிக்கும் முழு உடலையும் ஒரு சாண் அளவுக்குத் தூக்க வேண்டும், இறங்கும்போது அதே அளவு தாழ்த்த வேண்டும். அந்த வேலையை எந்தக் கால் செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் ஊன்றுகோல் எப்போது நகர வேண்டும், துணைக்கு வருபவர் எங்கே நிற்க வேண்டும், வாக்கர் ஏன் படிக்கட்டுக்கு ஒத்துவராது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து, உயரம் 160 செ.மீ., எடை 64 கிலோ. வலது கணுக்கால் முறிந்து, தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். ஆறு வாரம் வலது பாதத்தில் துளியும் எடை வைக்கக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. வீடு முதல் மாடியில். வெளிப்புறமாக ஏறும் பதினாறு படிகள், ஒவ்வொன்றும் 18 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். ஏறும்போது இடதுபக்கம் மட்டும் கைப்பிடி இருக்கிறது. எட்டாவது படியில் திரும்பும் இடம்.

ஊன்றுகோலின் உயரம்

படிக்கட்டில் நேரும் தடுமாற்றங்களில் பல, ஊன்றுகோலின் அளவு சரியில்லாததால் வருபவை. அக்குளில் வைக்கும் வகை ஊன்றுகோலுக்கு, நோயாளியின் உயரத்தில் 40 செ.மீ. கழித்தால் தொடக்க அளவு கிடைக்கும். இவருக்கு 120 செ.மீ. அது தொடக்கம்தான். வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிற்கவைத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஊன்றுகோலின் முனை பாதத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. முன்னும், 15 செ.மீ. பக்கவாட்டிலும் இருக்கட்டும். மேலே உள்ள மெத்தைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடிக் கட்டை மணிக்கட்டு மடியும் இடத்துக்கு நேராக வர வேண்டும். அப்படி இருந்தால் அதைப் பிடிக்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி வரை வளைந்திருக்கும். இந்த வளைவு வெறும் சௌகரியத்துக்காக அல்ல. முழங்கையை நீட்டும்போதுதான் உடல் மேலே எழும்புகிறது. ஏற்கெனவே நீண்டிருக்கும் கைக்கு நீட்ட இடமில்லை.

எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும். மெத்தை விலாவின் பக்கவாட்டில் அணைந்து நிற்க மட்டுமே. களைப்பில் அக்குளால் தொங்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு, கையின் பின்புறமாகச் செல்லும் ரேடியல் நரம்பு அங்கே நசுங்குகிறது. கட்டைவிரலையொட்டிய புறங்கையில் மரத்துப்போவதும், மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்குவதும் அதன் அடையாளங்கள். இவை தெரிந்தால் அந்த நாளே ஊன்றுகோலின் அளவையும் நடக்கும் விதத்தையும் சரிபார்க்க வேண்டும், மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வரிவரியாக இருக்கும் பள்ளங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஊன்றுகோல் செங்குத்தாக நிற்கும்போது தரையை நேராக அழுத்துகிறது. சாய்க்கச் சாய்க்க, அதைப் பக்கவாட்டில் சறுக்கவைக்கும் விசை கூடுகிறது. பத்து டிகிரி சாய்வில் அந்த விசை அழுத்தும் விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முப்பது டிகிரியில் பாதியைத் தாண்டிவிடும். உலர்ந்த தரை அதைத் தாங்கலாம். கழுவிவிட்ட வழுவழுப்பான கிரானைட் படி தாங்காது. அதனால் ஊன்றுகோலை எட்டி வைக்காமல் பக்கத்தில் வைத்து நடக்கச் சொல்கிறோம். படி ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருக்க வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும் ஒரே கணக்கு

நன்றாக இருக்கும் ஒருவர் படியேறுவதைக் கவனியுங்கள். ஒரு காலை மேல்படியில் வைக்கிறார். அந்த முழங்கால் மடங்கியிருக்கிறது. பிறகு தொடையின் முன்தசையும் புட்டத்துத் தசையும் இறுகி முழங்காலையும் இடுப்பையும் நிமிர்த்துகின்றன. உடல் மேலே போகிறது. கீழே நிற்கும் கால் கொஞ்சம் உந்துகிறது, அவ்வளவுதான். தூக்கும் வேலையில் பெரும்பங்கு மேல்படிக் காலுடையது.

இறங்கும்போது ஒரு கால் கீழ்ப்படியை நோக்கிப் போகிறது. அதுவரை உடலைத் தாங்கி, முழங்காலை மெல்ல மெல்ல மடக்கி, விழாமல் தாழ்த்துவது எந்தக் கால்? மேலே நிற்கும் கால்தான். தசை நீண்டுகொண்டே தாங்கும் இந்த வேலை, தூக்குவதைப் போலவே பலம் கேட்பது. கட்டுப்பாட்டை அதைவிட அதிகமாகக் கேட்பது.

ஆக, ஏறினாலும் இறங்கினாலும் உழைப்பது மேல்படியில் இருக்கும் கால். இரண்டு பாதங்களும் வெவ்வேறு படிகளில் இருக்கும் நேரத்தில் நல்ல கால் மேலே இருக்க வேண்டும் என்ற ஒரே விதி போதும். ஏறும்போது நல்ல கால் முதலில் போகிறது. இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் போகிறது. இரண்டு தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்தவர்கள் பாதிப் படியில் பதற்றப்படும்போது மாற்றிச் செய்துவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவர் நின்று யோசித்தே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஊன்றுகோல் எந்தப் பக்கம்? அது அடிபட்ட காலின் கட்சி. அந்தக் கால் போகும்போதே அதுவும் போகும், தங்கும்போது தங்கும். ஏறும்போது நல்ல கால் மேலே போய் உடலைத் தூக்கிய பிறகுதான் ஊன்றுகோல் வரும். இறங்கும்போது ஊன்றுகோல் முதலில் இறங்கும்.

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ஏறும்போது ஊன்றுகோலை முதலில் மேல்படியில் வைத்துவிட்டால் கைகள் உயர்ந்து, முழங்கை மடங்கி, உடலின் எடை பின்னால் தங்கிவிடுகிறது. அந்த நிலையில் உந்தினால் விசை உடலைப் பின்னோக்கித் தள்ளும். மல்லாந்து விழும் ஆபத்து இது. இறங்கும்போது நல்ல காலை முதலில் விட்டால், உடலைத் தாழ்த்தும் பொறுப்பு அடிபட்ட காலின் மேல் விழுகிறது. எடை வைக்கவே கூடாத கால் அந்தக் கணத்தில் முழு எடையையும் ஏற்க நேர்கிறது, அல்லது ஆள் முன்னோக்கிச் சரிகிறார்.

பதினாறு படிகளும் கைப்பிடியும்

நம் நோயாளிக்கு 64 கிலோவை 18 செ.மீ. வீதம் பதினாறு முறை தூக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 2.9 மீட்டர், ஒரே காலில். சமதளத்திலேயே ஒற்றைக்காலில் ஊன்றுகோல் நடை சாதாரண நடையைவிட ஏறக்குறைய இருமடங்கு சக்தியைக் கேட்கிறது. அதனால் படிக்குப் போகும் முன் ஒரு சோதனை. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து, கைகளை ஊன்றி, இடது காலை மட்டும் வைத்து நிலையாக எழ முடிகிறதா? உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல அமர முடிகிறதா? முதலாவது ஏறுவதற்கான பலம், இரண்டாவது இறங்குவதற்கான கட்டுப்பாடு. இவை இல்லாதவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போவதில் பயனில்லை. படுக்கையிலிருந்து எழுந்ததும் தலைசுற்றல் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் அது சகஜம், படியில் அது ஆபத்து.

கைப்பிடி இருக்கும் இடத்தில் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். ஊன்றுகோல் கீழ்நோக்கி மட்டுமே தாங்கும். சுவரில் பதிந்த கைப்பிடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சரியாமல் தாங்கும். ஏறும்போது இடது கை கைப்பிடியில், வலது அக்குளில் ஒரு ஊன்றுகோல். இரண்டாவதை உடன் வருபவர் எடுத்துவரட்டும்.

படிக்கு நெருக்கமாக, கால்விரல்கள் படியின் முகப்பை ஏறக்குறையத் தொடும்படி நிற்கிறார். வலது முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பின்னால் வைத்துக்கொள்கிறார். இல்லையென்றால் விரல் நுனி மேல்படியின் விளிம்பில் இடிக்கும். உடலைச் சற்று முன்னே சாய்த்து, கைப்பிடியையும் ஊன்றுகோலையும் கீழ்நோக்கி அழுத்தி, இடது காலால் மேல்படிக்குத் தாவுகிறார். பாதம் முழுவதும் படியில் பதிய வேண்டும், குதிகால் வெளியே தொங்கக்கூடாது. முழங்கால் நிமிர்ந்து நிலைகொண்டதும் ஊன்றுகோல் மேலே வருகிறது. இப்போது எல்லாம் ஒரே படியில். ஒரு மூச்சு நிற்கிறார். அடுத்த படி அதற்குப் பிறகுதான்.

கைப்பிடியை நம்மை நோக்கி இழுப்பது புதியவர்கள் செய்யும் தவறு. இழுத்தால் உடல் முறுக்கிக்கொள்ளும், எடை பின்னால் போகும். கை உடம்புக்குச் சற்று முன்னால் இருந்து கீழே அழுத்த வேண்டும்.

இறங்கும்போது கைப்பிடி வலதுபக்கம் வந்துவிடுகிறது. எனவே ஊன்றுகோல் இடது அக்குளுக்கு மாறுகிறது. மருத்துவமனைப் படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தால் இந்த மாற்றத்தைப் பழகாமலே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால் வீட்டில் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டு, அதே அமைப்பில் பழக்க வேண்டும். எத்தனை படி, நடுவே திரும்பும் இடம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். இவருடைய எட்டாவது படியில் ஒரு நாற்காலி போட்டுவைத்தால் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம்.

விளிம்புக்கு அருகே வந்து, ஊன்றுகோலின் முனையைக் கீழ்ப்படியின் நடுவில் வைக்கிறார். வலது காலை இப்போது முன்னால் நீட்டிக்கொள்கிறார், பின்னால் மடக்கினால் பாதம் பின்படியில் இடிக்கும். இடது முழங்காலை மெல்ல மடக்கி உடலைத் தாழ்த்துகிறார். எடை கைகளுக்கு மாறியதும் இடது கால் ஊன்றுகோல் இருக்கும் படிக்கு இறங்குகிறது. கடைசிப் படியில் கவனம் தப்பாமல் இருக்க வேண்டும். தரை வந்துவிட்டதென்று நினைத்து இன்னும் ஒரு படி இருக்கும்போது காலை வீசுவது அடிக்கடி நடப்பது. படிகளை எண்ணிக்கொண்டே இறங்கச் சொல்வது அதற்காகத்தான்.

துணைக்கு வருபவரின் இடம்

விழுந்தால் எந்தப் பக்கம் விழுவார் என்பதுதான் துணையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. அந்தப் பக்கம் எப்போதும் கீழ்ப்பக்கம். ஏறும்போது துணையாள் பின்னால், ஒரு படி கீழே, கைப்பிடி இல்லாத பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கும்போது முன்னால், கீழ்ப்படியில், நோயாளியைப் பார்த்தபடி. துணையாளின் இரண்டு பாதங்களும் வெவ்வேறு படிகளில் இருந்தால் அவர் நிலை குலையாது. நோயாளி நகரும்போது துணையாள் நகரக்கூடாது. ஒருவர் நின்ற பிறகே மற்றவர் அடி எடுத்து வைக்க வேண்டும்.

அன்பில் கையைப் பிடித்துக்கொள்வது வீட்டாரின் பழக்கம். அந்தக் கைதான் ஊன்றுகோலை இயக்குகிறது, அதைப் பிடித்தால் இருவரும் சேர்ந்து சரிவார்கள். நோயாளியின் இடுப்பில் ஒரு அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டி, அதன் பின்புறத்தைப் பிடிக்க வேண்டும். உடலின் எடை மையம் இடுப்பருகே இருப்பதால் அங்கே கொடுக்கும் சிறிய ஆதரவே சரிவைத் தடுக்கும்.

வாக்கர் ஏன் படிக்கட்டில் பொருந்தாது

இப்போது அதே வீட்டிலிருக்கும் வேறொருவர். எழுபத்திரண்டு வயது, இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, தாங்கும் அளவுக்கு எடை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சமநிலை போதாததால் வாக்கர் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் அகலம் குறைந்தது 25 செ.மீ. என்றும் உயரம் அதிகபட்சம் 19 செ.மீ. என்றும் சொல்கிறது. சாதாரண வாக்கரின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையிலான தூரம் 40 செ.மீ.க்கும் மேல். நான்கு கால்களும் ஒரு படியில் நிற்க இடமில்லை. முன்கால் இரண்டை மட்டும் மேல்படியில் வைத்தால் பின்கால்கள் அந்தரத்தில் தொங்கும். கைப்பிடிக் குழாயை அழுத்தியதும் சட்டம் பின்னோக்கிச் சாயும். அதோடு இரண்டு கைகளும் வாக்கரில் இருப்பதால் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்ற ஒரு கையும் மிச்சமில்லை. எனவே விரித்த வாக்கரோடு படிக்கட்டில் ஏறக்கூடாது. சக்கரம் வைத்த வாக்கர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல்.

அவருக்கான வழி, ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் கைத்தடியோ ஒற்றை ஊன்றுகோலோ. வாக்கரைத் துணையாள் மடக்கி எடுத்துவருவார். அல்லது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாக்கர்கள் வைத்துக்கொள்ளலாம். மேல்படிக் கால் விதி இங்கேயும் அதேதான். மடக்கிய வாக்கரையே பக்கவாட்டில் கைத்தடிபோல ஊன்றி ஏறும் முறையைச் சில பிசியோதெரபிஸ்டுகள் கற்றுத்தருகிறார்கள். உறுதியான கைப்பிடி மறுபக்கம் இருந்து, மடிப்பு பூட்டிக்கொண்டு நின்று, நேரில் பழகியவருக்கு மட்டுமே அது சரி.

வாக்கரோடு கடக்கக்கூடியது ஒற்றைப் படி. வாசற்படியோ திண்ணையோ, மேலே வாக்கர் முழுவதும் நிற்க இடம் இருக்க வேண்டும். வாக்கரின் முன்கால்கள் படியைத் தொடும்வரை நெருங்கி, அதைத் தூக்கி நான்கு கால்களையும் மேலே பதிக்க வேண்டும். ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்று உறுதியானதும் நல்ல கால், பிறகு மற்றது. படிக்கட்டில் ஊன்றுகோல் கடைசியில் வந்தது, இங்கே வாக்கர் முதலில் போகிறதே என்று கேட்கலாம். நான்கு கால்களும் சமமாகப் பதிந்த சட்டம் தானே நிற்கும். அது பின்னோக்கிச் சாயாது. ஆனால் படி உயரமாக இருந்தால் கைகள் உயர்ந்துவிடும், அந்த முறை தோற்றுப்போகும். இறங்கும்போது வாக்கர், அடிபட்ட கால், நல்ல கால் என்ற வரிசை.

ஒற்றைக்காலில் நிற்கவேண்டியவர் வாக்கரோடு ஒரு படி ஏற வேண்டியிருந்தால், திரும்பி நின்று பின்னோக்கி ஏறுவது எளிது. குதிகாலைப் படியோடு ஒட்டி நின்று, முன்னாலிருக்கும் வாக்கரைக் கீழே அழுத்தி, நல்ல காலால் பின்னோக்கி மேலே தாவுகிறார். கைகள் இடுப்பு உயரத்திலேயே இருப்பதால் அழுத்தும் பலம் குறைவதில்லை. பின்னால் ஒருவர் நின்று பெல்ட்டைப் பிடித்திருக்க வேண்டும்.

உட்கார்ந்து ஏறுவது

கைப்பிடியே இல்லாத படிக்கட்டு, பலமில்லாத நல்ல கால், அல்லது உயரத்தைப் பார்த்ததும் வரும் பயம். இவற்றில் எது இருந்தாலும் உட்கார்ந்து ஏறுவதே பாதுகாப்பு. படிக்கு முதுகைக் காட்டி இரண்டாவது படியில் அமர்ந்து, அடிபட்ட காலை முன்னால் நீட்டி, கைகளை மேல்படியில் ஊன்றி, நல்ல பாதத்தால் தரையை உந்தி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நகர வேண்டும். இறங்குவது இதன் தலைகீழ். உட்காரும் உயரத்திலிருந்து விழுவதற்கு அதிக தூரமில்லை.

இதில் கடினமான இடம் உச்சி. தரையில் உட்கார்ந்திருப்பவர் ஒற்றைக்காலில் எழ வேண்டும். மேலே ஒரு தாழ்ந்த உறுதியான ஸ்டூலைச் சுவரோடு ஒட்டி வைத்து, முதலில் அதற்கு ஏறி, அங்கிருந்து நிற்க வேண்டும். வீட்டுக்கு வருமுன் இதை ஒருமுறை பழகாதவர்கள் மேலே போய் எழ முடியாமல் தவிப்பார்கள்.

கற்றுக்கொண்டாரா என்று எப்படித் தெரியும்?

செய்துகாட்டியதைத் திருப்பிச் செய்வது போதாது. அவரைப் படியின் நடுவில் நிறுத்தி, "அடுத்து எந்தக் கால், அக்கா? ஏன்?" என்று கேட்க வேண்டும். "இதுதான் என்னைத் தூக்கப்போகுது, அதனால் இது மேலே" என்று அவர் சொன்னால் கணக்கு புரிந்திருக்கிறது. விதியை மட்டும் ஒப்பித்தால் இன்னும் சில முறை பழக வேண்டும்.

காரணம் தெரிந்தவருக்கு எல்லையும் தெரியும். வழக்கத்தைவிட இருமடங்கு உயரமுள்ள பஸ் படியில் நல்ல கால் மிகவும் மடங்கிய நிலையில் உடலைத் தூக்க வேண்டும், நாற்காலிச் சோதனையில் தேறிய பலம் அங்கே போதாது. அதை ஆறு வாரம் முடியும்வரை தவிர்க்க வேண்டும். எடை வைக்க மருத்துவர் அனுமதித்த பிறகும், மேல்படியில் வைத்த அடிபட்ட கால் வலியில்லாமல், நடுக்கமில்லாமல் உடலைத் தூக்கவும் தாழ்த்தவும் செய்யும்போதுதான் கால் மாற்றிக் கால் வைத்து ஏறலாம். இடையில் கெண்டைக்காலில் புதிய வீக்கமும் வலியும் வந்தால் படிப் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அது அவசரம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.